குழந்தைக்கு அசித்ரோமைசின்: ஐந்து நாள் அளவு, உணவு நேரம், இதயத் துடிப்பு குறித்த கவனம்

குழந்தைக்கு முதன்முறையாக அசித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் எழுதித் தரப்படும்போது பெற்றோரைக் குழப்புவது அதன் அளவு அல்ல, அதன் சுருக்கம்தான். ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் மூன்று அல்லது ஐந்து நாட்களுக்கு மட்டும் என்று சீட்டில் எழுதியிருக்கும். அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை இரண்டு அல்லது மூன்று வேளை கொடுத்துப் பழகியவர்களுக்கு இது போதாது என்று தோன்றும். அந்த ஐயத்தில் சிலர் மாலையில் இன்னொரு வேளை சேர்த்துக் கொடுக்கிறார்கள், சிலர் புட்டியில் மீந்திருப்பதை ஆறாம் நாளும் ஊற்றுகிறார்கள். மருந்தகத்தில் பல ஆண்டுகள் நின்று இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன அனுபவத்தில், முதலில் காரணத்தை விளக்கிவிட்டால் மற்ற விதிகள் தாமாகவே மனத்தில் நிற்கும் என்பதைக் கண்டிருக்கிறேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அமாக்சிசிலின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் ஆகும். அசித்ரோமைசின் உடலில் பாதியாகக் குறைய இரண்டு முதல் மூன்று நாட்கள் பிடிக்கும். இது இரத்தத்தில் அதிகம் தங்காமல் திசுக்களுக்குள் நுழைந்துகொள்கிறது. அதிலும் கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களுக்குள் பெருமளவில் சேர்ந்து, அந்த அணுக்கள் தொற்று இருக்கும் இடத்துக்குப் போகும்போது கூடவே பயணித்து அங்கே மெல்ல வெளிவருகிறது. கடைசி வேளை கொடுத்து முடித்த பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் அதன் மிச்சம் உடலில் இருந்துகொண்டே இருக்கும். ஒரே வேளை போதுமானதும், சில நாட்களிலேயே நிறுத்திவிடலாம் என்பதும், இதயத்தைப் பற்றிய கவனம் கடைசி வேளையோடு முடிந்துவிடாது என்பதும் இந்த ஒரே குணத்திலிருந்து வருபவை.

சீட்டைப் படிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து இறுதிவரை செல்வோம். நான்கு வயது, எடை 16 கிலோ. ஒரு வாரத்துக்கும் மேலாக வறட்டு இருமல், விட்டுவிட்டுக் காய்ச்சல். மைக்கோபிளாஸ்மா எனப்படும் கிருமியால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கக்கூடும் என்று மருத்துவர் கருதுகிறார். இந்தக் கிருமிக்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரைத் தாக்கி வேலை செய்யும் அமாக்சிசிலினுக்கு இங்கே பிடி கிடைக்காது என்பதால்தான் அசித்ரோமைசின் தேர்ந்தெடுக்கப்படுகிறது. சாதாரணச் சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் இந்த மருந்தால் எந்தப் பயனும் இல்லை. மருத்துவர் பார்க்காமல் தொடங்கக்கூடிய மருந்தும் இது அல்ல.

நுரையீரல் அழற்சிக்கு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஐந்து நாள் முறை இது: முதல் நாள் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 10 மி.கி., இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை ஒவ்வொரு கிலோவுக்கும் 5 மி.கி. நம் குழந்தைக்கு முதல் நாள் 160 மி.கி., அடுத்த நான்கு நாட்களும் 80 மி.கி. எடை எவ்வளவு கூடினாலும் இம்முறையில் முதல் நாள் 500 மி.கி.யையும், மற்ற நாட்களில் 250 மி.கி.யையும் தாண்டுவதில்லை. ஆகவே 50 கிலோ எடையுள்ள சிறுவனுக்கும் 65 கிலோ எடையுள்ள சிறுவனுக்கும் அளவு ஒன்றே.

முதல் நாள் மட்டும் ஏன் இருமடங்கு என்று பலர் கேட்பார்கள். திசுக்கள் காலியாக இருக்கின்றன, அவற்றை முதலில் நிரப்ப வேண்டும். நிரம்பிய பிறகு குறைவதை ஈடுசெய்தால் போதும்.

மூன்று நாள் முறை எழுதப்பட்டிருந்தால் அதில் மூன்று நாளும் ஒரே அளவு, கிலோவுக்கு 10 மி.கி. நம் குழந்தைக்கு நாளொன்றுக்கு 160 மி.கி., மூன்று நாளில் 480. ஐந்து நாள் முறையையும் கூட்டிப் பாருங்கள்: 160, அதனுடன் நான்கு முறை 80. அதுவும் 480தான். மொத்த மருந்து ஒன்றே, பகிர்ந்த விதம்தான் வேறு. மூன்று நாள் எழுதிய மருத்துவர் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று எண்ண வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே மருந்து நோய்க்கு நோய் வேறு அளவில் தரப்படுகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சியில், பெனிசிலின் வகை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குக் கிலோவுக்கு 12 மி.கி. வீதம் ஐந்து நாளும் ஒரே அளவில் தரப்படுவதுண்டு. டைபாய்டுக்கு அளவும் கூடும், நாட்களும் கூடும். ஆகவே மூத்த பிள்ளைக்குச் சென்ற ஆண்டு எழுதிய சீட்டையோ, பக்கத்து வீட்டுக் குழந்தையின் அளவையோ இந்தக் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

மில்லிகிராமிலிருந்து மில்லிலிட்டருக்கு

தவறுகள் பெரும்பாலும் நடக்கும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானமாகச் செல்கிறேன். மருத்துவர் கணக்கிடுவது மில்லிகிராமில், நீங்கள் ஊற்றுவது மில்லிலிட்டரில். இரண்டுக்கும் நடுவில் இருப்பது புட்டியின் செறிவு. அசித்ரோமைசின் சிரப் பொதுவாக இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது: 5 மி.லி.யில் 100 மி.கி., 5 மி.லி.யில் 200 மி.கி. இரண்டும் ஒரே நிறப் பெட்டியில், ஒரே பெயரில், அந்த எண் மட்டும் மாறி வரலாம்.

நம் குழந்தைக்கு 200 செறிவு கிடைத்திருக்கிறது என்று கொள்வோம். 5 மி.லி.யில் 200 என்றால் 1 மி.லி.யில் 40 மி.கி. முதல் நாளுக்கு வேண்டிய 160-ஐ 40-ஆல் வகுத்தால் 4 மி.லி. மற்ற நாட்களுக்கு வேண்டிய 80-ஐ வகுத்தால் 2 மி.லி. இதே குழந்தைக்கு 100 செறிவு கொடுக்கப்பட்டிருந்தால் முதல் நாள் 8 மி.லி., மற்ற நாட்கள் 4 மி.லி. ஆகும். செறிவைப் பார்க்காமல் “4 மி.லி.” என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் பாதி மருந்தோ இருமடங்கு மருந்தோ போய்விடும். மருந்தகத்தில் புட்டியை வாங்கும்போதே, “இந்தப் புட்டியில் முதல் நாள் எத்தனை மி.லி., இரண்டாம் நாளிலிருந்து எத்தனை மி.லி.?” என்று கேட்டு, இரு எண்களையும் பெட்டியின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மருந்தாளுநரும் மறுக்க மாட்டார்.

கணக்குச் சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ளப் புட்டியே உதவும். 15 மி.லி. புட்டியில் நம் குழந்தைக்கு மொத்தம் 12 மி.லி. செலவாகும், முடிவில் ஏறத்தாழ 3 மி.லி. மீந்திருக்க வேண்டும். ஒருமுறை ஒரு தாய் நான்காம் நாள் காலையில் வந்து, மருந்து போதவில்லை, இன்னொரு புட்டி வேண்டும் என்றார். கையோடு புட்டியையும் கொண்டுவந்திருந்தார். அடியில் 3 மி.லி.க்கும் குறைவாகவே இருந்தது. கேட்டுப் பார்த்ததில், முதல் நாள் அளவையே மூன்று நாளும் கொடுத்திருந்தார். அதாவது 480 மி.கி. முழுவதும் மூன்றே நாளில் உள்ளே போய்விட்டது. குழந்தைக்கு லேசான வயிற்றுப் போக்கைத் தவிர வேறு தொல்லை இல்லை. தற்செயலாக அது மூன்று நாள் முறையின் அளவாகவே அமைந்துவிட்டதால், மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு அத்துடன் நிறுத்தினோம். அவர் புட்டியைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் நானும் இன்னொன்றை எடுத்துக் கொடுத்திருப்பேன். அன்றிலிருந்து, குறைவதாகச் சொல்லும் எவரிடமும் முதலில் புட்டியைக் காட்டச் சொல்கிறேன்.

பொடியைக் கரைப்பது, அளந்து கொடுப்பது

பல தயாரிப்புகள் பொடியாகவே வருகின்றன. கரைத்த பிறகு குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் அவை தாங்கும் என்பதே காரணம். கொதிக்கவைத்து ஆறிய நீரைத்தான் பயன்படுத்த வேண்டும். சூடான நீர் வேண்டாம். திறக்கும் முன் புட்டியைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் தட்டினால் அடியில் இறுகிய பொடி உதிரும். சில புட்டிகளில் நீர் எந்தக் கோடுவரை வர வேண்டும் என்று குறி இருக்கும், சிலவற்றில் இத்தனை மி.லி. நீர் என்று எழுதியிருக்கும். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குறி உள்ள புட்டி என்றால் முதலில் குறிக்குச் சற்றுக் கீழேவரை ஊற்றி நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பொடி கரைந்ததும் மட்டம் இறங்கியிருக்கும், அப்போது குறிவரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். நுரையின் மேல்மட்டத்தைத் திரவத்தின் மட்டம் என்று எண்ணி நிறுத்திவிட்டால் நீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும், அப்போது ஒவ்வொரு வேளையும் அளவு கூடிப்போகும்.

கரைத்த தேதியைப் புட்டியின் மேல் எழுதுங்கள். தயாரிப்பைப் பொறுத்து ஐந்து அல்லது பத்து நாட்களுக்குள் பயன்படுத்தச் சொல்லியிருக்கும். குளிர்பெட்டியில் வைக்க வேண்டுமா, வெளியே வைக்கலாமா என்பதையும் அந்தந்தப் பெட்டியே சொல்லும். எதையும் உறைய வைக்கக் கூடாது.

ஒவ்வொரு முறையும் கொடுக்கும் முன் குலுக்க வேண்டும், ஏனெனில் மருந்து அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாட்களில் நீர்த்தும் கடைசி நாட்களில் செறிந்தும் போகும். அளப்பதற்குச் சமையலறைக் கரண்டி ஆகாது. ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்சே நல்லது. 5 மி.லி. சிரிஞ்சில் ஒவ்வொரு சிறுகோடும் பெரும்பாலும் 0.2 மி.லி. நம் குழந்தைக்கு இரண்டாம் நாள் 2 மி.லி. என்றால், சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, உள்ளே தள்ளும் கருப்பு ரப்பரின் மேல் விளிம்பு 2 என்ற கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றுக்குமிழி இருந்தால் அது இருக்கும் அளவுக்கு மருந்து குறைவு என்று பொருள், ஆகவே நுனியை மேலே காட்டி வெளியேற்றிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரை ஏறும்.

பால் புட்டியிலோ முழுக் கிண்ணம் உணவிலோ மருந்தைக் கலக்காதீர்கள். குழந்தை பாதியில் நிறுத்திவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்பது யாருக்கும் தெரியாது. கசப்பு பின்நாக்கில் தங்கும் மருந்து இது. கொடுத்த பின் ஒரு வாய் நீரோ பிடித்த பானமோ கொடுத்தால் போதும்.

உணவும் நேரமும்

“சாப்பிடும் முன்னா, பின்னா?” என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை, மருந்தின் வடிவத்தைப் பொறுத்தது. கேப்சூலாக இருந்தால் வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும், அதாவது உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ. உணவு அதன் உறிஞ்சலைக் குறைக்கிறது. சிரப்பையும் மாத்திரையையும் பொதுவாக உணவோடும் உணவில்லாமலும் கொடுக்கலாம். கேப்சூலுக்கான விதி இன்றும் பலருடைய நாவில் எல்லா வடிவங்களுக்கும் பொதுவாக வழங்குவதால், சிரப் கொடுக்கக் குழந்தையைப் பட்டினி போடும் பெற்றோரைக் காண்கிறேன். நம் குழந்தை போல இருமி இருமி வயிறு குமட்டும் குழந்தைக்கு வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும் வாய்ப்பே கூடும். கொஞ்சம் உணவு உண்ட பிறகு கொடுப்பதே என் பரிந்துரை. உங்கள் புட்டியின் பெட்டியிலோ மருத்துவரின் சீட்டிலோ வேறுவிதமாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

உணவைவிடக் கவனிக்க வேண்டியது அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் மருந்துகளை. அலுமினியமோ மெக்னீசியமோ உள்ள ஆன்டாசிட்டை அசித்ரோமைசினோடு ஒரே நேரத்தில் கொடுத்தால் மருந்து இரத்தத்தில் எட்டும் உச்ச அளவு குறைகிறது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதும்.

நேரத்தைப் பொறுத்தவரை, குழந்தை விழித்திருந்து அடுத்த அரை மணி நேரம் உங்கள் கண்ணெதிரே இருக்கும் ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். காலையோ மாலையோ எதுவானாலும் தினமும் ஏறத்தாழ அதே நேரம். ஒன்றிரண்டு மணி நேரம் முன்பின் ஆனால் கெடுதல் இல்லை, உடலில் நெடுநேரம் தங்கும் மருந்து என்பது இங்கே கைகொடுக்கிறது. தூங்கப்போகும் நேரத்தை நான் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் வாந்தி. அரைத்தூக்கத்தில் கொடுத்த மருந்து எப்போது வெளியே வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை ஒருமுறை மறுபடி கொடுப்பது வழக்கம். அரை மணி நேரம் கடந்துவிட்டால் மறுபடி கொடுக்காமல் அடுத்த நாள் வேளைக்குக் காத்திருக்க வேண்டும். மறுபடி கொடுத்ததும் வெளியே வந்தால் மூன்றாவது முறை முயலாமல் மருத்துவரைக் கேளுங்கள். கொடுக்கவே மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் கொடுக்கலாம், ஆனால் அடுத்த வேளைக்குக் குறைந்தது 12 மணி நேரமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான அளவில் கொடுத்து, எத்தனை வேளை எழுதப்பட்டதோ அத்தனையையும் முடியுங்கள். இரண்டு வேளைகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பது மட்டும் ஒருபோதும் கூடாது.

இதயத் துடிப்பு: யாருக்குக் கவனம் வேண்டும்

இந்தப் பகுதியை அச்சமூட்டுவதற்காக எழுதவில்லை. உடல்நலமுள்ள குழந்தைகளுக்கு இந்த மருந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான வகையில் பிறழ்வது மிக மிக அரிது. ஆனால் சில குழந்தைகளுக்கு அந்த ஆபத்து உண்மையானது, அவர்களைக் கண்டுபிடிக்க உதவும் தகவல் பெரும்பாலும் பெற்றோரிடம்தான் இருக்கிறது.

ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசை அடுத்த துடிப்புக்காகத் தன்னை மீட்டுக்கொள்கிறது. பொட்டாசியம் அயனிகள் செல்லிலிருந்து வெளியேறுவதால் அந்த மீட்சி நடக்கிறது. ஈசிஜி தாளில் துடிப்பின் தொடக்கத்திலிருந்து இந்த மீட்சி முடியும்வரை உள்ள நேரத்தை க்யூடி இடைவெளி என்பார்கள். அசித்ரோமைசின் பொட்டாசியம் வெளியேறும் வழியைச் சற்றே அடைக்கிறது, அதனால் இடைவெளி சிறிது நீள்கிறது. சாதாரண இதயத்துக்கு இது ஒரு பொருட்டல்ல. ஏற்கெனவே நீண்டிருக்கும் இடைவெளி இன்னும் நீண்டால்தான் வினை: மீட்சி முடியாத நேரத்தில் அடுத்த துடிப்பு வந்து விழுந்து, இதயம் இரத்தத்தை இறைக்க முடியாமல் முறுக்கிக்கொண்டு துடிக்கும் டோர்சாட் என்னும் நிலை ஏற்படலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013 மார்ச்சில் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த பெரிய ஆய்வு வயது வந்தவர்களைப் பற்றியது, அதிலும் ஆபத்து ஏற்கெனவே இதயநோய் அபாயம் உள்ளவர்களிடமே கூடுதலாகத் தெரிந்தது. அதை அப்படியே குழந்தைகள்மேல் ஏற்றிப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எந்த வழியாக ஆபத்து வருகிறது என்பது எல்லா வயதுக்கும் ஒன்றுதான்.

ஆகவே முதல் வேளைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. குழந்தைக்குப் பிறவியிலேயே க்யூடி நீண்ட நோய் இருப்பதாக முன்பு யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடீர்ச் சத்தத்தில் திடுக்கிட்டபோதோ மயங்கி விழுந்ததுண்டா? வலிப்பு என்று சொல்லப்பட்டு, காரணம் சரியாகப் பிடிபடாமல் போன நிகழ்ச்சி உண்டா? இந்த வகை மயக்கத்தில் மூளைக்கு இரத்தம் போகாமல் கை கால் உதறுவதால் அது வலிப்பு போலவே தோன்றும். குழந்தை பிறவியிலேயே இரு காதும் கேளாததா? பிறவிச் செவிட்டுத்தன்மையோடு க்யூடி நீட்சியும் சேர்ந்துவரும் ஓர் அரிய பரம்பரை நோய் உண்டு. குடும்பத்தில் இளம் வயதில் காரணமின்றித் திடீரென இறந்தவரோ, நன்றாக நீந்தத் தெரிந்தும் நீரில் மூழ்கியவரோ இருக்கிறார்களா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவர் முதலில் ஈசிஜி எடுத்துப் பார்க்கலாம் அல்லது வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். இதய நோய்க்கு டிகாக்ஸின் உண்ணும் குழந்தை என்றால் அதையும் சொல்ல வேண்டும், அசித்ரோமைசின் அதன் அளவை இரத்தத்தில் உயர்த்தக்கூடும்.

இதுவரை சொன்னவை அரிதானவை. அன்றாடம் நடக்கக்கூடிய கலவை வேறொன்று. குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருக்கிறது. உடலிலிருந்து பொட்டாசியமும் மெக்னீசியமும் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. வாந்தியை நிறுத்த ஒண்டான்செட்ரான் கொடுக்கப்படுகிறது, அதுவும் க்யூடி இடைவெளியை நீட்டும். டோம்பெரிடோனும் அப்படியே. அதோடு அசித்ரோமைசினும் சேர்கிறது. பொட்டாசியம் குறைவு, ஒண்டான்செட்ரான், அசித்ரோமைசின் மூன்றும் ஒரே திசையில் இழுக்கின்றன. ஒவ்வொன்றும் தனியே சிறிதுதான், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். ஒரு மருத்துவர் இரண்டையும் தெரிந்தே எழுதுவது வேறு, அது அவர் எடைபோட்ட முடிவு. ஒரு மருந்தை ஒருவரும் இன்னொன்றை வேறொருவரும் எழுதியோ, முன்பு மீந்த வாந்தி மருந்தை வீட்டிலேயே எடுத்துக் கொடுத்தோ இந்த அடுக்கு உருவாவதுதான் கவலைக்குரியது. இதே வரிசையில் வருபவை ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஃப்ளூகோனசோல், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை, சில மனநல மருந்துகள், இதயத் துடிப்பைச் சீர்செய்யத் தரப்படும் அமியோடரோன், சோடலால்.

மருந்து உடலில் தங்கும் காலம் இங்கே மீண்டும் வருகிறது. ஐந்தாம் நாள் மருந்து முடிந்துவிட்டது என்று வீட்டில் எண்ணுவார்கள், ஆனால் இதயத்தைப் பொறுத்தவரை அடுத்த சில நாட்களுக்கும் அது இன்னும் கொடுக்கப்பட்டுக்கொண்டிருப்பது போலத்தான்.

மருந்து உண்ணும் நாட்களிலோ அதற்கடுத்த நாட்களிலோ குழந்தை மயங்கி விழுந்தாலும், இதயம் படபடவென அடிப்பதாகச் சொன்னாலும், திடீரென வெளிறித் தளர்ந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மயங்கிய குழந்தை மூச்சு விடவில்லை என்றால் உதவிக்கு ஆளை அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். உண்ட பிறகு முகமோ உதடோ வீங்கினால், மூச்சு வாங்கினால், உடலெங்கும் தடிப்பு எழுந்தால் அதுவும் அவசரம்தான். கண் மஞ்சளானாலோ மலத்தில் இரத்தம் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிறந்து ஆறு வாரத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் கக்குவான் இருமலுக்காக இம்மருந்து தரப்பட்டிருந்தால், பால் குடித்தவுடன் பீறிட்டு வரும் வாந்தியைக் கவனியுங்கள், இரைப்பையின் வாயில் தடித்து அடைபட்டதன் அடையாளமாக அது இருக்கலாம்.

கடைசி வேளைக்குப் பின்

இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் தணியத் தொடங்கும். அதற்குப் பின்னும் தணியவில்லை என்றாலோ மூச்சிரைப்பு கூடினாலோ ஐந்தாம் நாள்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் திரும்பச் செல்ல வேண்டும். இருமல் மட்டும் இன்னும் சில வாரம் நீடிப்பது இந்நோயில் இயல்பு, அதற்காக இரண்டாவது புட்டி தேவையில்லை. மீந்த 3 மி.லி.யை அடுத்த காய்ச்சலுக்கென்று வைக்காமல் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மருந்துப் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கத்தரித்து, அதில் மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, கடைசி வேளை கொடுத்த தேதி ஆகிய மூன்றையும் எழுதிக் குழந்தையின் மருத்துவக் கோப்பில் வைக்கச் சொல்வது என் வழக்கம். நம் குழந்தைக்கு எட்டாம் நாள் வாந்தி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறொரு மருத்துவரிடம் கொண்டுபோகிறீர்கள், அவர் ஒண்டான்செட்ரான் எழுதப் பேனாவை எடுக்கிறார். அந்த அட்டைத் துண்டைக் காட்டி, “மூன்று நாள் முன்புதான் அசித்ரோமைசின் முடிந்தது, ஐயா” என்று சொல்லுங்கள். குழந்தைக்கு முன்பு மயக்கம் வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது இதயத் துடிப்புக் கோளாறு உண்டா என்று அவர் கேட்பார். பொட்டாசியமும் கலந்துள்ள ஓஆர்எஸ் கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பார்ப்போம் என்று அவர் முடிவு செய்யலாம், ஒரே ஒரு வேளை வாந்தி மருந்து பாதுகாப்பானது என்றும் முடிவு செய்யலாம். எதுவானாலும் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.